வியாழன் மாலையே வந்துவிடும் வெள்ளி வாழ்த்து

அரபு வாட்ஸ்அப் குழுக்களில் வெள்ளிக்கிழமை வாழ்த்துப் படங்கள் வியாழன் மாலையே வரத் தொடங்கிவிடும். இஸ்லாமிய வழக்கப்படி சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது என்பதே காரணம். ரோஜாக் கொத்து, கஅபா, மதீனாவின் பச்சைக் குவிமாடம், காபிக் கூஜாவுக்குப் பக்கத்தில் பேரீச்சம்பழம் என ஏதோ ஒரு படம் இருக்கும். அதன் மேல் தங்க நிற எழுத்தில் 'ஜுமுஆ முபாரகா' என்றிருக்கும். வெள்ளி காலையில் வரும் படங்கள் குர்ஆனின் 18ஆம் அத்தியாயமான அல்-கஹ்ஃபை ஓதச் சொல்லும். அஸர் தொழுகைக்குப் பிறகு வருபவை, வேண்டுதல் ஏற்கப்படும் நேரம் நெருங்குகிறது என்று நினைவூட்டும். பிள்ளைகள் கேலி செய்தாலும் பெரியவர்கள் விடுவதில்லை. நம் குடும்பக் குழுக்களின் 'காலை வணக்கம்' மாமாக்களை அறிந்தவர்களுக்கு இவர்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

குழுவில் இதனால் சங்கடமில்லை. படம் எல்லோருக்கும் பொதுவானது. யாராவது 'அலைனா வ அலைக்கும்' (நமக்கும் உங்களுக்கும் அப்படியே ஆகட்டும்) என்று பதில் போடுவார். மற்றவர்கள் பேசாமல் கடந்துபோகலாம், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இதே படம் புதிதாக அறிமுகமான ஒருவரிடமிருந்து தனிச் செய்தியாக வரும்போதுதான், அல்லது அவருக்கு நாம் அனுப்ப நினைக்கும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ரியாத்தில் கணக்கராக வேலைக்குச் சேர்ந்த ஒரு தமிழரை எடுத்துக்கொள்வோம். சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் எகிப்திய மேலாளரை ஒரே ஒரு முறை சந்தித்திருக்கிறார், இருவரும் எண்களைப் பதிந்துகொண்டார்கள். அந்த வெள்ளிக்கிழமையே ரோஜாப் படம் வந்துவிடுகிறது. இவ்வளவு சீக்கிரம் நெருக்கமா என்று இவர் வியக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் பலரை ஒரே பட்டியலில் சேர்த்து எல்லோருக்கும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்பும் வசதி உண்டு. அப்படி அனுப்பியது பெறுபவரின் திரையில் தனிச் செய்தியாகவே தெரியும். அனுப்புபவரின் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே மேலாளரின் பட்டியலில் நம் கணக்கரும் ஒருவர் என்பதற்கு மேல் அந்தப் படத்திலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. படத்தின் மேலே 'பலமுறை அனுப்பப்பட்டது' என்ற குறி இருந்தால், அது பல கைகள் மாறி வந்தது என்பது இன்னும் உறுதி. மாறாக, படத்தோடு 'உஸ்தாத்' என்று விளித்துப் பெயரும் ஒரு வரியும் தட்டச்சாகி வந்திருந்தால் அது இவருக்கென்றே அனுப்பியது.

இரண்டுக்குமே ஒரு வரிப் பதில் போதும். பதில் சொல்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கர் இந்துவோ கிறிஸ்தவரோ ஆனாலும் நன்றி சொல்லி, 'உங்களுக்கும் நல்ல வெள்ளிக்கிழமையாக அமையட்டும்' என்று எழுதினால் மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

திருப்பி ஒரு படம் அனுப்புவதுதான் வம்பு. அரபி படிக்கத் தெரியாதவர் பூவைப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமைப் படங்கள் எல்லாமே வாழ்த்து அல்ல. இறந்தவர்களுக்காக வேண்டும் படங்கள் ஏராளம். 'இறைவா, என் தந்தைக்கு அருள்புரிந்து அவர் மண்ணறையை விசாலமாக்கு' என்ற வரி அழகான மல்லிகைப் பின்னணியில் இருக்கும். அதை, தந்தை திடமாக இருக்கும் ஒருவருக்கு வாழ்த்தென்று அனுப்பினால் எப்படி இருக்கும்? நபிமொழி என்று போட்டு ஆதாரமில்லாத வாசகங்களைப் பரப்பும் படங்களும் உண்டு. 'பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல சேதி வரும்' என்று மிரட்டுபவையும் உண்டு. மார்க்கம் படித்தவர்களுக்கு இவற்றைக் கண்டாலே எரிச்சல்.

வாழ்த்தைப் பற்றியே கருத்து வேறுபாடும் இருக்கிறது. நபிகள் காலத்தில் இல்லாததை வாராவாரம் வழக்கமாக்குவது மார்க்கத்தில் புதுமையைப் புகுத்துவது என்று சவூதி அறிஞர்கள் சிலர் சொல்கிறார்கள். இதுவும் ஒரு நல்வேண்டுதல்தானே, தடையில்லை என்பது எகிப்தின் ஃபத்வா நிறுவனமான தாருல் இஃப்தாவின் நிலை. புதியவர் எந்தப் பக்கம் என்பது முதல் வாரத்தில் தெரியாது. எதிரில் இருப்பவர் முஸ்லிம்தானா என்பதும் பெயரை வைத்துச் சொல்லக்கூடியதல்ல. எகிப்திலும் லெபனானிலும் அரபி பேசும் கிறிஸ்தவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஆகவே என் கட்சி இது: புதியவருக்கு நாமாகப் படம் அனுப்பித் தொடங்க வேண்டாம். வெள்ளியன்று அவரோடு வேறு ஏதாவது பேச வேண்டியிருந்தால், செய்தியின் தொடக்கத்தில் 'ஜுமுஆ முபாரகா' என்று தட்டச்சு செய்து, விஷயத்துக்கு வந்துவிடலாம். ஆணும் பெண்ணும் புதிதாக அறிமுகமாகியிருந்தால் இதில் இன்னும் கவனம் வேண்டும். ரோஜாவும் இதயமும் போட்ட படம் இரவு பதினொரு மணிக்குத் தனிச் செய்தியாக வந்தால், அதில் எழுதியிருக்கும் வேண்டுதலை யாரும் படிக்க மாட்டார்கள். அதே வாழ்த்தை இருவரும் இருக்கும் அலுவலகக் குழுவில், காலையில் போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.