ஒட்டுவதற்கு முன், கையெழுத்துக்கு முன்

சாம்சங் நிறுவனத்தின் சிப் தயாரிக்கும் பிரிவு, ஊழியர்கள் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தலாம் என்று 2023 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. மூன்று வாரம் ஆவதற்குள் மூன்று சம்பவங்கள் நடந்துவிட்டதாகக் கொரியப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. பிழை எங்கே என்று தெரியாமல் தவித்த ஒரு பொறியாளர், அளவீட்டுத் தரவுகளைக் கையாளும் மென்பொருளின் மூல நிரலை அப்படியே ஒட்டிக் கேட்டிருக்கிறார். இன்னொருவர், பழுதான கருவிகளைக் கண்டறியும் நிரலைச் செம்மைப்படுத்தித் தரச் சொல்லியிருக்கிறார். மூன்றாமவர், அலுவலகக் கூட்டம் ஒன்றின் ஒலிப்பதிவை எழுத்தாக்கி உள்ளிட்டு, கூட்டக் குறிப்பு தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்.

மூவரும் ரகசியத்தை விற்கப் பார்த்தவர்கள் அல்லர். கையில் இருந்த வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைத்தவர்கள். நிறுவன ஆவணங்களுக்கு எழுதித் தரும் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று விதி எழுத உட்காருபவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதைத்தான். விதி கெட்டவர்களைப் பிடிப்பதற்கு அல்ல. அவசரத்தில் இருக்கும் நல்ல ஊழியருக்கு.

சாம்சங் முதலில் செய்தது, ஒரு கேள்விக்கு 1,024 பைட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. தமிழில் தட்டச்சு செய்தால் ஒரு சின்னப் பத்தியிலேயே அது தீர்ந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் பொதுவாக மூன்று பைட் தேவை. ஆனால் அளவைக் குறைப்பதால் என்ன பயன்? ஒரு வாடிக்கையாளரின் பெயரும் அவருக்குக் கொடுத்த விலையும் நாற்பது பைட்டில் அடங்கிவிடுமே. இரண்டு மாதத்துக்குள் நிறுவனக் கணினிகளிலும் உள் வலையமைப்பிலும் இத்தகைய கருவிகளையே தடை செய்துவிட்டார்கள். இந்திய நிதி அமைச்சகமும் 2025 ஜனவரி இறுதியில், அரசு ஆவணங்களின் ரகசியத்தைக் காரணம் காட்டி, அலுவலகக் கணினிகளில் இவற்றைத் தவிர்க்கும்படி சுற்றறிக்கை விட்டது.

தடை சில இடங்களுக்குச் சரிதான். பெரும்பாலான நிறுவனங்களுக்கு அது கைகொடுக்காது என்பது என் கருத்து. அலுவலகக் கணினியில் மூடினால், ஊழியர் தன் கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்து, சொந்தக் கணக்கில் கேட்டுவிடுவார். அப்போது என்ன வெளியே போனது என்பதே நிறுவனத்துக்குத் தெரியாது. அதைவிட, எந்தக் கருவி, எந்தக் கணக்கு என்று விதியின் முதல் வரியிலேயே சொல்லி, அந்தக் கணக்கை நிறுவனமே வாங்கிக் கொடுப்பது மேல்.

கணக்கு ஏன் முக்கியம்? கருவியில் நாம் ஒட்டும் எழுத்து நம் கணினியில் தங்குவதில்லை. வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேமிக்கப்படுகிறது. தனிநபர் கணக்கில் நடக்கும் உரையாடல்கள், அமைப்பில் போய் நாமே மறுக்காவிட்டால், பல கருவிகளில் அடுத்த மாதிரியைப் பயிற்றுவிக்கப் பயன்படலாம். நிறுவனங்களுக்கு விற்கப்படும் கணக்குகளில் பொதுவாக ஒப்பந்தமே அதைத் தடுத்துவிடுகிறது. எத்தனை நாள் சேமிப்பது என்பதையும் அந்த ஒப்பந்தத்தில் பேசிக்கொள்ளலாம். ‘அழித்துவிட்டேன்’ என்ற ஆறுதலையும் முழுதாக நம்ப முடியாது. நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்கும்படி 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. சில மாதங்களுக்குப் பிறகே அந்தக் கட்டாயம் நீங்கியது.

இனி ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். சாயப் பட்டறையில் வேலை தேங்கி, ஒரு ஆர்டர் பத்து நாள் பின்தங்கிவிட்டது. ஜெர்மனியில் இருக்கும் பையர் கோபமாக மெயில் அனுப்பியிருக்கிறார். பதில் எழுத வேண்டியவர் மெர்ச்சண்டைசர். நல்ல ஆங்கிலத்தில், பணிவாக, ஆனால் விட்டுக்கொடுத்துவிடாமல் எழுத வேண்டும். இதற்குக் கருவி உண்மையிலேயே உதவும். அவர் மொத்த மெயில் தொடரையும் நகலெடுத்து ஒட்டுகிறார்.

அந்தத் தொடரில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே பையரின் பெயர், அவருடைய நேரடித் தொலைபேசி எண். நடுவில் ஸ்டைல் நம்பர், எத்தனை பீஸ், ஒரு பீஸுக்கு என்ன விலை. கீழே, பலரும் உருட்டிப் பார்க்காத அடிப்பகுதியில், முதலாளி உள்ளுக்குள் அனுப்பிய குறிப்பு: ‘மிஞ்சிப் போனால் எட்டு சதவீதம் தள்ளுபடி தரலாம், அதற்கு மேல் முடியாது.’ பேரத்தில் கடைசி வரை மறைத்து வைக்க வேண்டிய எண் அதுதான். மெயில் தொடரை ஒட்டும்போது பெரும்பாலும் கசிவது இத்தகைய அடிப்பகுதிதான். அதனால் ‘ரகசியத் தகவலைப் பகிராதீர்கள்’ என்று விதி எழுதினால் போதாது. ‘மெயில் தொடரை ஒட்டாதீர்கள், சூழ்நிலையை நீங்களே நான்கு வரியில் எழுதிக் கேளுங்கள்’ என்று எழுத வேண்டும்.

அந்த நான்கு வரி இப்படி இருக்கலாம்: பின்னலாடை ஆர்டர், சாயமிடுவதில் தாமதம், பத்து நாள் பிந்தும், பாதிச் சரக்கை முதலில் அனுப்ப முன்வருகிறோம், பணிவான வணிகக் கடிதம் வேண்டும். பெயர், எண், தேதி வர வேண்டிய இடங்களைக் காலியாக விட்டு, கடிதம் கைக்கு வந்ததும் தானே நிரப்பிக்கொள்ளலாம். பெயரை மட்டும் நீக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டைல் நம்பரும் பீஸ் எண்ணிக்கையும் துறைமுகமும் அப்படியே இருந்தால், அதே தொழிலில் இருப்பவர் அது யாருடைய ஆர்டர் என்று எளிதில் சொல்லிவிடுவார். சரியான சோதனை இதுதான்: பக்கத்துத் தெருப் போட்டியாளர் இதைப் படித்தால் ஆளை அடையாளம் கண்டுகொள்வாரா?

சம்பளப் பட்டியல், மருத்துவ விடுப்புக் கடிதம், ஆதார் எண், வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் விவரம் ஆகியவற்றுக்கு இந்தச் சலுகையும் கூடாது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தரவைச் சேகரித்த நிறுவனத்தையே பொறுப்பாக்குகிறது. வேலையை வெளி நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தாலும் அந்தப் பொறுப்பு விலகாது. பாதுகாப்பு ஏற்பாடு தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது.

திருப்பூர்க் கடிதத்துக்குத் திரும்புவோம். கருவி அழகான பதிலைத் தந்துவிட்டது. அதன் மூன்றாவது பத்தியில் ஒரு வாக்கியம்: ‘தாமதத்தை ஈடுகட்ட இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கியுள்ளோம், இனி எந்தத் தாமதமும் நேராது என்று உறுதியளிக்கிறோம்.’ இரண்டாவது ஷிஃப்ட் எதுவும் தொடங்கவில்லை. மெர்ச்சண்டைசர் அப்படிச் சொல்லவும் இல்லை. இதுபோன்ற மன்னிப்புக் கடிதங்களில் இப்படி ஒரு வரி வருவது வழக்கம், அதனால் கருவியும் சேர்த்துவிட்டது. அது உண்மையைத் தேடி எழுதுவதில்லை; அந்த இடத்தில் எது பொருத்தமாக வருமோ அதை எழுதுகிறது. படிக்காமல் அனுப்பினால் அது நிறுவனத்தின் வாக்குறுதி. அடுத்த தாமதத்துக்கு டெபிட் நோட் வரும்போது பையர் இந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்.

‘கருவி சொன்னது’ என்ற பதில் எடுபடாது என்பதற்குத் தீர்ப்பே இருக்கிறது. ஏர் கனடாவின் இணையதள சாட்பாட், உறவினரின் மரணத்துக்காகப் பயணம் செய்தவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற வகையில் நிறுவனம் வாதாடியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. நலத்திட்டப் பயனாளிகளைத் தானாகவே தண்டிக்கும் கணினி அமைப்பு பற்றி டெலாய்ட் நிறுவனம் ஆஸ்திரேலிய அரசுக்கு ஓர் ஆய்வறிக்கை தயாரித்தது. கட்டணம் சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர். 2025இல் அது வெளியானபோது, சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ் ரட்ஜ் அடிக்குறிப்புகளைப் பார்த்துத் திடுக்கிட்டார். தனக்குத் தெரிந்த பேராசிரியர் எழுதாத நூல் ஒன்று அவர் பெயரில் குறிப்பிடப்பட்டிருந்தது. நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து எடுத்ததாகக் காட்டிய மேற்கோளும் அந்தத் தீர்ப்பில் இல்லை. கருவியைப் பயன்படுத்திய விவரம் திருத்திய பதிப்பில்தான் இடம்பெற்றது. கட்டணத்தின் கடைசித் தவணையைத் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ரட்ஜ் இதைக் கண்டுபிடித்த விதம் கவனிக்கத்தக்கது. எந்தச் சிறப்பு மென்பொருளும் அவருக்குத் தேவைப்படவில்லை. துறையைத் தெரிந்தவர், மேற்கோள் காட்டிய நூல் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்தார், அவ்வளவுதான். ஆகவே விதியில் எழுத வேண்டியது: ஆவணத்தில் வரும் ஒவ்வொரு எண், பெயர், தேதி, மேற்கோள், வாக்குறுதி ஆகியவற்றை அதன் மூலத்தைத் திறந்து ஒருவர் சரிபார்க்க வேண்டும், அவர் பெயர் கோப்பில் இருக்க வேண்டும். அதே கருவியிடமே ‘இது சரியா?’ என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது. நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் ஒரு வழக்கறிஞர் அப்படித்தான் கேட்டார். இல்லாத தீர்ப்புகளை உண்மையானவை என்றே கருவி சொன்னது. 2023 ஜூனில் நீதிபதி கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். கருவியைக் கொண்டு தேடியவர் ஒருவர், மனுவில் கையெழுத்திட்டவர் இன்னொருவர், இருவரும் மாட்டிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு அநியாயத்துக்கும் வாய்ப்பு இருக்கிறது. தனிப்பட்ட பொறுப்பு என்ற பெயரில் எல்லாவற்றையும் கடைசி நிலை ஊழியர் தலையில் கட்டிவிடலாம். அரை மணி நேரத்தில் இருபது பக்க அறிக்கை வேண்டும் என்று கேட்கும் மேலாளர், சரிபார்க்க நேரமே தராமல் வேலை வாங்குகிறார். தவறு வெளிப்பட்டதும் தட்டச்சு செய்தவருக்கு மெமோ போகிறது. நேர்மையான விதி பொறுப்பை இரண்டாகப் பிரிக்கும். எழுதியவர் எந்தப் பகுதிக்குக் கருவியைப் பயன்படுத்தினார் என்று சொல்ல வேண்டும். ஒப்புதல் தந்தவர், சரிபார்க்க நேரம் ஒதுக்கியதற்கும் படித்ததற்கும் பதில் சொல்ல வேண்டும்.

தவறு நடந்த பிறகு என்ன செய்வது என்பதும் விதியில் இருக்க வேண்டும். தவறுதலாக ஒட்டிவிட்டதை அன்றே சொன்னவருக்குத் தண்டனை இல்லை என்று தெளிவாக எழுதினால்தான் ஆள் வந்து சொல்வார். சொன்னதும் உரையாடலை அழித்து, நிறுவனக் கணக்காக இருந்தால் சேவை நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். ஒட்டியது கடவுச்சொல்லாக இருந்தால் அந்த நிமிடமே மாற்றிவிடலாம், கசிந்தது பயனற்றுப்போகும். விலையையோ ஒருவரின் நோய் விவரத்தையோ அப்படி மாற்ற முடியாது. அங்கே அடுத்த வேலை, அது யாருடைய தகவலோ அவருக்குச் சொல்வது. யார் சொல்வது, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வது என்பதை முன்கூட்டியே விதியில் எழுதி வைத்திருக்க வேண்டும்.