முகப்புப் படத்தைக் கீழிருந்து படியுங்கள்

வீட்டின் முகப்பு வரைபடத்தை யாராவது போனில் படமெடுத்து அனுப்பினால், அதன்மேல் ஸ்கேல் வைக்காதீர்கள். சாய்த்து எடுத்த படத்தில் மாடி குறுகித் தெரியும். எழுதிய எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு மாடி வீட்டுப் படம் இப்படி இருக்கிறது: பேஸ்மெண்ட் 2 அடி, தரைத்தளம் 10, முதல் தளம் 10, கைப்பிடிச் சுவர் 3, மொத்தம் 25. கீழே ஒரு கதவு, ஒரு ஜன்னல். மேலே பால்கனிக் கதவும் இரண்டு ஜன்னலும். கதவு 7 அடி. ஜன்னல் 3 அடி மட்டத்தில் தொடங்கி 4 அடி உயரம். இரண்டும் ஒரே லிண்டல் மட்டத்தில் முடிகின்றன, நல்லது.

கூட்டலும் சரி. ஆனால் அந்த 10 அடி அறைக்குள் அளந்த உயரம் என்றால், 5 அங்குல கான்கிரீட் தளம் இரண்டு கணக்கில் வரவில்லை. நிஜ உயரம் 25 அடி 10 அங்குலம். படிக்கட்டுக்குப் படி பிரிக்கும்போது கொத்தனார் இதைக் கேட்காமல் விடமாட்டார்.