மணப்பாறை முகவரியும் நியூயார்க் நேரமும்

2005 வாக்கில் மணப்பாறையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் பலர், பயோடேட்டாவில் சென்னை முகவரியைத்தான் போட்டார்கள். சித்தப்பா வீடோ, நண்பன் தங்கியிருக்கும் திருவல்லிக்கேணி மேன்ஷனோ, ஏதோ ஒன்று. ஊர் பெயரைப் பார்த்தால் நேர்காணலுக்கே கூப்பிடமாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. நாளைக் காலை வரச்சொன்னால் வந்து நிற்க வேண்டும். சேர்ந்த பிறகு ஒன்பது மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டும். வேலைக்குத் தகுதி என்பதில் பாதி, ஆள் கண்ணெதிரே இருப்பதுதான்.

வீட்டிலிருந்து செய்யலாம் என்று யாராவது சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் 2005-ல்தான் வந்தது. அதற்கு முன் போன் லைனில் டயல்-அப், அல்லது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டர். இணையம் கொஞ்சம் சீரானபோது கரண்ட் இல்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. சட்டமும் ஒத்துழைக்கவில்லை. கால் சென்டர் போன்ற நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய வைக்க வேண்டுமென்றால், தொலைத்தொடர்புத் துறைக்குப் பிணைத்தொகை கட்டி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அதைத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி வெளியான புதிய விதிமுறையில் பெரும்பாலான தடைகளே போய்விட்டன.

இன்று மணப்பாறை என்றே எழுதலாம். ஆனால் கண்ணெதிரே இருப்பதன் மூலம் அன்று தானாகவே நிரூபணமான மூன்று விஷயங்களை இன்று நீங்களே நிரூபிக்க வேண்டும். நேரத்துக்கு இருப்பீர்களா, யாரும் பார்க்காதபோதும் வேலை நகருமா, உங்கள் வீடு அதற்குத் தாங்குமா? ‘சுயஒழுக்கம் உள்ளவர்’, ‘அதிவேக இணையம் உண்டு’ என்று பயோடேட்டாவில் எழுதுவதால் இதில் எதுவும் நிரூபணமாவதில்லை. எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். அந்த இடத்தில் எதிராளி சரிபார்க்கக்கூடிய ஒரு தகவலைத் தர வேண்டும்.

மணப்பாறையில் இருக்கும் ஒரு பெண் நியூயார்க் நிறுவனம் ஒன்றின் மென்பொருள் சோதனை வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் நான்கு மணி நேரம் அங்குள்ளவர்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது விளம்பரத்தில் உள்ள நிபந்தனை. ‘எந்த நேரமும் தயார்’ என்று பதில் எழுதினால், கேட்பவருக்கு இவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் புரியும். கணக்கு இதுதான். கோடையில் நியூயார்க்கின் காலை 9 நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை. அவர்கள் மார்ச் இரண்டாவது ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுக்கிறார்கள். ஆகவே அவர் எழுத வேண்டியது: ‘உங்கள் காலை 9 முதல் மதியம் 1 வரை ஆண்டு முழுவதும் இருப்பேன், எனக்கு அது கோடையில் 6.30 முதல் 10.30, குளிர்காலத்தில் 7.30 முதல் 11.30.’ இந்த ஒரு வாக்கியத்தைப் படிப்பவருக்கு அதற்குமேல் கேட்க எதுவும் இருக்காது.

இதில் வழுக்கும் இடங்கள் இரண்டு. அமெரிக்கர்கள் பலர் ஆண்டு முழுவதும் `EST` என்றே எழுதுவார்கள். ஜூலையில் ‘9 AM EST’ என்று வந்ததை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் 7.30-க்குப் போய் நிற்பீர்கள், கூட்டம் 6.30-க்கே தொடங்கியிருக்கும். காலண்டரில் ஊர் பெயரோடு `America/New_York` என்று வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. இரண்டாவது, குழுவில் லண்டன்காரரும் இருந்தால் மார்ச் மாதம் சிக்கல். பிரிட்டன் கடிகாரத்தை மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்கள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைவெளி ஐந்து மணி நேரத்திலிருந்து நான்காகக் குறையும். எந்த ஊர் நேரத்தில் கூட்டத்தைப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, உங்கள் மாலை ஒரு மணி நேரம் நகரும் அல்லது நகராது. நேர்காணலில் ‘வாராந்திரக் கூட்டம் எந்த ஊர் நேரத்தில் நிலையாக இருக்கிறது?’ என்று நீங்களே கேட்டால், பழகிய ஆள் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது வேலை நகர்கிறதா என்ற கேள்வி. அன்றைய அலுவலகத்தில் சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியைத் திருப்பிக் கேட்டுவிடலாம். இன்று திங்கள் காலை 9 மணிக்கு மணப்பாறையில் ஒரு சந்தேகம் வந்தால், நியூயார்க்கில் ஞாயிறு இரவு. பதில் வர ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். ‘ஒரு சந்தேகம், ஃப்ரீயா இருக்கீங்களா?’ என்று மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருப்பவரின் பகல் முழுக்க வீண். என்னைக் கேட்டால், தொலைவு வேலைக்கான ஒழுக்கம் காலையில் எழுவதில் இருப்பதைவிட இந்த மெசேஜை எழுதும் விதத்தில்தான் அதிகம் இருக்கிறது. அதே பெண் இப்படி எழுதினால்: ‘பில் பக்கத்தில் தள்ளுபடி இரண்டு முறை கழிகிறது. வெள்ளிக்கிழமை வந்த மாற்றத்துக்குப் பிறகுதான். மூன்று பில்களில் பார்த்தேன், படம் இணைத்திருக்கிறேன். பழைய பதிப்பில் இந்தப் பிழை இல்லை. இதை நிறுத்திவைத்துவிட்டு வரிக் கணக்குச் சோதனையைத் தொடங்குகிறேன். வேண்டாம் என்றால் உங்கள் காலையில் சொல்லுங்கள்.’ அவர் எழுந்து பார்க்கும்போது ஒற்றை வரியில் பதில் சொல்லலாம். பதில் வராவிட்டாலும் இங்கே வேலை நிற்காது.

இதை வேலை கிடைக்கும் முன்பே காட்ட முடியும். விண்ணப்பக் கடிதம், சோதனை வேலையை முடித்து அனுப்பும்போது சேர்க்கும் குறிப்பு, பழைய வேலையில் எழுதிய பிழை அறிக்கையில் ரகசியங்களை நீக்கிய ஒரு மாதிரி, எல்லாமே சாட்சிகள். வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் நேர்காணலையே எழுத்து அரட்டையில் நடத்தி, தேறியவர்களுக்குக் கூலி கொடுத்துச் சோதனை வேலை தருவதற்குப் பெயர்போனது. கிட்லேப் தன் வேலை முறைகளைக் கையேடாக எழுதி, யாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் பேச்சுத் திறமையைவிட எழுத்தின் தெளிவுதான் முதலில் எடைபோடப்படுகிறது. மேடைப் பேச்சு ஆங்கிலம் வராது என்று தயங்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி.

வீட்டுக்குள் இன்னொரு ஒழுக்கம் தேவைப்படுகிறது. ‘வீட்டுலதானே இருக்கே, கொஞ்சம் பாங்க் வரைக்கும் போயிட்டு வந்துடு’ என்று சொல்லாத வீடு கிடையாது. அந்தக் காலத்தில் இரவு ஷிப்ட் பெண்களுக்குக் கம்பெனி வேனில் போய்வரும் பயம். இன்று இரவு வேலையையும் முடித்துவிட்டுக் காலையில் அடுப்படியையும் பார்க்க வேண்டிய பாரம். தூங்கும் நேரத்தை வேலை நேரத்தைப் போலவே வீட்டாரிடம் சொல்லி உறுதிசெய்யாதவர்கள் சில மாதங்களில் களைத்துப்போகிறார்கள். ‘உங்கள் நாள் எப்படி இருக்கும்?’ என்று நேர்காணலில் கேட்பது இதைத் தெரிந்துகொள்ளத்தான். எத்தனை மணிக்குத் தூங்கி எழுகிறீர்கள், எந்த அறை, பகலில் எந்த வேலை, மாலையில் எது என்று நடப்பதை அப்படியே சொல்வதே போதும்.

மூன்றாவது, வீடு. இங்கேதான் நல்ல ஆட்களும் கோட்டை விடுகிறார்கள். ஸ்பீட் டெஸ்டில் 100 Mbps காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். வீடியோ காலுக்கு மேல்நோக்கிப் போகும் வேகம் நான்கைந்து Mbps நிலையாக இருந்தாலே தாராளம். குரல் வெட்டி வெட்டிக் கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம், வழியில் தொலையும் பாக்கெட்டுகள். விண்டோஸ் கணினியில் மாலை ஏழரைக்கு, எல்லோரும் வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்த நேரத்தில், இதை ஓட்டிப் பாருங்கள்:

```
ping -n 200 1.1.1.1
```

மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடி, கடைசியில் எத்தனை தொலைந்தன என்று சொல்லும். பூஜ்யமாக இருக்க வேண்டும். ஐந்தாறு தொலைந்தால் முதலில் வைஃபையை விட்டு ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்து மறுபடி ஓட்டுங்கள். சரியாகிவிட்டால் குறை உங்கள் சுவர்களில்; ஆகாவிட்டால் லைன் கொடுத்தவரிடம் பேச வேண்டும்.

பிறகு கரண்ட். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஃபேன் நிற்பதில்லை, ஆனால் கரண்ட் போகும்போது ரவுட்டர் மட்டும் அணைந்து எரிகிறது. இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேர இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது, ரவுட்டருக்குத் தெரியும். அணைந்த ஃபைபர் பெட்டி மறுபடி லைனைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாறும் வேகம் கூடும். அல்லது 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் அதில் மாட்டிவிடலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. உங்கள் வீட்டில் விளக்கு எரிந்தாலும், தெருவுக்கு ஃபைபர் தரும் கேபிள்காரரின் அறையில் பேட்டரி இறங்கிவிட்டால் இணையம் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க இலவசமாக ஒரு நாள் கிடைக்கிறது. மின்வாரியம் துணை மின் நிலையப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள், முன்கூட்டியே பேப்பரில் வருகிறது. அன்று காலையிலிருந்து உட்கார்ந்து, ஃபைபர் எத்தனை மணி நேரம் தாங்குகிறது, இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்குகிறது, போன் ஹாட்ஸ்பாட்டில் கால் பேச முடிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட்டுக்கான சிம், ஃபைபர் கொடுத்த கம்பெனியின் சிம்மாக இருக்கக் கூடாது. ஒரே கோளாறில் இரண்டும் சேர்ந்து போகலாம்.

கடைசியாகச் சத்தம். வேப்பிலை மாரியம்மன் கோயில் திருவிழா ஒலிபெருக்கியை யாரும் நிறுத்தப்போவதில்லை, நிறுத்தவும் வேண்டாம். வாய்க்கு அருகில் மைக் வரும் ஹெட்செட் அதில் பாதியைக் குறைக்கும். திருவிழா நாட்களுக்கு முன்கூட்டியே விடுப்பு சொல்லிவிடுவது மீதியைத் தீர்க்கும்.

இப்போது நேர்காணலில் ‘இணையம் போனால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கிறார்கள். அந்தப் பெண் சொல்லக்கூடிய பதில் இது: ‘மின்நிறுத்த நாளில் சோதித்துப் பார்த்தேன். ஃபைபர் மூன்று மணி நேரம் வந்தது. பிறகு வேறு கம்பெனி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினேன். குரல் தெளிவாக இருந்தது, வீடியோவை அணைக்க வேண்டியிருந்தது. இன்வெர்ட்டர் ஐந்து மணி நேரம் தாங்கியது. அதற்கும் மேல் போனால் திருச்சியில் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், காலையிலேயே தெரிந்த தடைக்கு மட்டும்தான் அந்த வழி. மாலை ஏழு மணிக்குத் திடீரென்று எல்லாம் போனால், போனிலிருந்து ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, கையிலிருக்கும் சோதனையைக் கணினியிலேயே முடித்து, லைன் வந்ததும் அனுப்புவேன்.’