இன்டர்ன்ஷிப் சான்றிதழைத் தமிழில் எழுதும்போது

கல்லூரி மாணவர் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் முடித்ததும் வாங்கிக்கொண்டு போவது பெரும்பாலும் ஆங்கிலச் சான்றிதழ்தான். அலுவலகக் கணினியில் ஒரு மாதிரி இருக்கும். பெயர், கல்லூரி, தேதியை மாற்றி அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தமிழில் வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்த மாதிரியையே வரிக்கு வரி தமிழாக்கி, அதே இடங்களில் கோடு விட்டுவைக்கிறார்கள். கோளாறு அந்தக் கோட்டில்தான் தொடங்குகிறது.

ஆங்கில வாக்கியத்தில் பெயர் எங்கே வந்தாலும் உருமாறாது. தமிழில் பெயரோடு உருபு ஒட்டும். '______க்கு இச்சான்றிதழ் வழங்கப்படுகிறது' என்ற கோட்டில் செந்தில் வந்தால் 'செந்தில்க்கு', கவிதா வந்தால் 'கவிதாக்கு' என்று அச்சாகிவிடும். நூறு பேருக்கு மொத்தமாகக் கணினியில் அச்சடிக்கும்போது இதை ஒவ்வொன்றாகத் திருத்த ஆள் கிடையாது. பெயரை எழுவாயாக நிறுத்தி, பின்னால் 'அவர்கள்' என்று போட்டுவிட்டால் கோட்டில் எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் கெடாது. உருபு வேண்டிய இடத்தில் அது 'அவர்கள்' மீது ஒட்டிக்கொள்ளும். ஆண், பெண்ணுக்குத் தனித்தனி மாதிரியும் தேவையில்லை. 'திரு', 'செல்வி' மட்டும் மாறினால் போதும்.

ஆங்கில மாதிரி எல்லாத் தகவலையும் ஒரே வாக்கியத்தில் கோத்திருக்கும். அதை அப்படியே கொண்டுவந்தால் தமிழில் வினைச்சொல் ஐந்தாவது வரியில்தான் வரும். இரண்டு மூன்றாக உடைப்பதே நல்லது. ஓர் அச்சகத்தின் கணக்குப் பிரிவில் பயிற்சி பெற்ற பி.காம். மாணவிக்கு, எடுத்துக்காட்டாக, இப்படி எழுதலாம்:

'செல்வி ச. கவிதா அவர்கள் (பதிவு எண்: ______) எங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 02.06.2025 முதல் 28.06.2025 வரை உள்ளகப் பயிற்சி பெற்றார். இக்காலத்தின் 23 வேலை நாள்களில் 22 நாள்கள் வருகை தந்தார். கொள்முதல் பதிவு, ஜி.எஸ்.டி. கணக்குச் சரிபார்ப்பு ஆகிய பணிகளைச் செய்தார். பயிற்சியை முழுமையாக நிறைவு செய்துள்ளார் எனச் சான்றளிக்கிறோம்.'

மேலே நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாள், கடித எண், தேதி. கீழே கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, முத்திரை. தலைப்பாகச் 'சான்றிதழ்' என்ற ஒரு சொல் போதும். ஆங்கில மாதிரியின் உச்சியில் இருக்கும் 'யாருக்கு வேண்டுமானாலும்' என்ற வகை விளிப்பைத் தமிழில் தேடி அலைய வேண்டாம். அதை விட்டுவிட்டால் ஒரு குறையும் இல்லை.

அதிகம் சறுக்குவது முதலெழுத்தில். கல்லூரிப் பதிவேட்டில் ஆங்கில 'எஸ்' என்றிருப்பது ச-வா, சு-வா, செ-யா, ஷ-வா என்று அலுவலகத்துக்குத் தெரியாது. தட்டச்சு செய்பவர் தோன்றியதைப் போடுவார். பிறகு வாய்மொழித் தேர்வில், இது வேறு ஆள் சான்றிதழோ என்று கேள்வி வரும். மாணவரிடமே எழுதி வாங்குவதும், பதிவு எண்ணை விடாமல் சேர்ப்பதும்தான் வழி.

பரிந்துரைக் கடிதம் வேறு சங்கதி. சான்றிதழ் நடந்ததைச் சொல்கிறது. நிர்வாகம் கையெழுத்திட்டால் போதும். பரிந்துரை ஒருவரின் கருத்து. பக்கத்தில் இருந்து வேலை பார்த்தவர்தான் எழுத வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் திணிக்கும் நிறுவனங்களில் பரிந்துரை கடைசி வரியாகச் சுருங்கி, 'கடின உழைப்பாளி, நற்குணம் உடையவர், வளமான எதிர்காலம் அமைய வாழ்த்துகிறோம்' என்று முடிந்துவிடுகிறது. இதைப் படித்து யாரும் யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை.

அதே மாணவிக்கு மேற்பார்வையாளர் இப்படி எழுதினால் கதை வேறு: 'மே மாதக் கொள்முதல் பில்களை ஜி.எஸ்.டி. தளத்தின் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிடும் வேலையை இவரிடம் கொடுத்தேன். விற்றவர்கள் கணக்கில் காட்டாத ஐந்து பில்களை இவரே கண்டுபிடித்து, அவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். டேலியில் பதிவதில் இன்னும் வேகம் வர வேண்டும். கணக்கு உதவியாளர் பணிக்கு இவரைப் பரிந்துரைக்கிறேன்.' அந்த பில்கள் அறிக்கையில் ஏறாவிட்டால் அவற்றுக்குக் கட்டிய வரியை நிறுவனம் கழித்துக்கொள்ள முடியாது. வேலையின் மதிப்பு கணக்காளர் எவருக்கும் சட்டென்று புரியும். வேகம் போதாது என்ற ஒரு வரி பாராட்டை நம்ப வைக்கிறது. அதை வெட்டச் சொல்லி மாணவர் கெஞ்சினாலும் வெட்டக் கூடாது என்பது என் கட்சி.

பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறியீடுகளாகத் தெரியும். யுனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். கல்லூரி ஆங்கிலப் பிரதியும் கேட்கக்கூடும். அதே கடித எண், அதே தேதியில் இரண்டையும் பயிற்சியின் கடைசி நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.