எந்தக் கருவி, எதற்கு, எங்கே?

2024 மார்ச்சில் 'சர்ஃபேசஸ் அண்ட் இன்டர்ஃபேசஸ்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை உலகெங்கும் கேலிக்குள்ளானது. "நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு ஏற்ற ஓர் அறிமுகம் இதோ" என்ற பொருளில் அதன் அறிமுகப் பகுதி தொடங்கியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவி தந்த பதிலின் முதல் வரியை யாரும் நீக்கவில்லை. கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

அவ்விதழை வெளியிடும் எல்செவியர், கருவியைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்வதில்லை. வெளிப்படையாக அறிவிக்கச் சொல்கிறது. கருவியின் பெயர், பயன்படுத்திய காரணம், ஆசிரியர்கள் சரிபார்த்துப் பொறுப்பேற்ற விவரம் ஆகிய மூன்றும் அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும். வெறும் எழுத்துப்பிழை திருத்தத்துக்கு அறிவிப்பு தேவையில்லை.

"செயற்கை நுண்ணறிவின் உதவி பெறப்பட்டது" என்று ஒரு மாணவர் எழுதினால், எந்த உதவி என்று தேர்வாளருக்குத் தெரியாது. "இரண்டாம் இயலின் ஆங்கில நடையைச் செம்மைப்படுத்த சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினேன், மேற்கோள்களை மூல நூல்களோடு ஒப்பிட்டேன், உள்ளடக்கத்துக்கு நானே பொறுப்பு" என்றால் எதைச் சோதிக்க வேண்டும் என்பது புரியும்.

அறிவிப்பு இடம்பெறும் பகுதியும் முக்கியம். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, எழுத்து உதவியை நன்றியுரையிலும், தரவுப் பகுப்பாய்வுக்கோ படம் உருவாக்கவோ பயன்படுத்தியதை ஆய்வுமுறைப் பகுதியிலும் குறிப்பிடச் சொல்கிறது. கருவியை ஆசிரியராகச் சேர்க்க அது அனுமதிப்பதில்லை.