துக்க வருடத்தில் வரும் கல்யாண நாள்

வீட்டில் ஒரு சாவு விழுந்த வருடத்திலும் கல்யாண நாள் வரத்தான் செய்கிறது. தலைத்திவசம் முடியும்வரை தீபாவளி, பொங்கல் கொண்டாடுவதில்லை என்பது பல குடும்பங்களின் வழக்கம். பிறந்த நாளுக்கும் கல்யாண நாளுக்கும் அப்படித் தெளிவான வழக்கம் எதுவும் கிடையாது. காலையிலேயே வாட்ஸ்அப்பில் வாழ்த்து வந்துவிடும். ஃபேஸ்புக் பழைய கல்யாணப் படத்தை எடுத்து நீட்டும். நாமும் ஒரு படம் போடலாம் என்று தோன்றும். போட்டால், "அவங்க போய் மூணு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள என்ன கொண்டாட்டம்?" என்று யாராவது கேட்பார்களோ என்ற தயக்கமும் கூடவே வரும். படத்தின் கீழே எழுத வேண்டிய கேப்ஷனில்தான் கை நின்றுவிடுகிறது.

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்குப் பத்தாவது கல்யாண நாள். கணவரின் அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. மனைவி முதலில் எழுதுவது, "பத்து வருடங்கள்! என்றென்றும் நீயே!" அதைப் படித்ததும் அவருக்கே மனம் ஒப்புவதில்லை. அழித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்களை ஒன்றுவிடாமல் எழுதுகிறார். இப்போது கல்யாண நாளே காணாமல் போய்விட்டது. அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி மகன் வெளியே சொல்ல விரும்பாததும் அதில் வந்துவிட்டது.

நான் அவருக்குச் சொல்லக்கூடிய வடிவம் இது:

"இன்று எங்களுக்குப் பத்தாவது கல்யாண நாள். அத்தை இல்லாமல் வரும் முதல் கல்யாண நாள். இந்தப் படத்தில் என் தலையில் பூ வைத்துக்கொண்டிருப்பவர் அவர்தான். இந்த வருடம் கேக் வெட்டவில்லை. அத்தை சொல்லிக்கொடுத்த கேசரியைச் செய்து இரண்டு பேரும் சாப்பிடப் போகிறோம். அத்தையைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை எழுதினால் இவருக்கு ஆறுதலாக இருக்கும்."

இழப்பு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுவதைக் கவனியுங்கள். இன்ஸ்டாகிராமில் கேப்ஷன் 2,200 எழுத்துவரை போகலாம். ஆனால் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர் கண்ணில் முதல் ஓரிரு வரிதான் படும். மீதியைத் தொட்டுத் திறந்தால்தான் தெரியும். பெரும்பாலோர் படத்தையும் முதல் வரியையும் பார்த்தே பதில் எழுதிவிடுகிறார்கள். துக்கச் செய்தி ஐந்தாவது வரியில் இருந்தால் கேக் படமும் பட்டாசுப் படமும் வந்து குவியும். மகிழ்ச்சியும் துக்கமும் தனித்தனி வாக்கியமாக இருப்பதும் முக்கியம். ஒன்றைச் சொல்லி அடுத்ததால் அதை மழுப்ப வேண்டாம். இரண்டும் உண்மை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும்.

கடைசி வாக்கியம் படிப்பவருக்கு ஒரு வேலை கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் பாதிப் பேர் வாழ்த்து சொல்வார்கள், பாதிப் பேர் அனுதாபம் சொல்வார்கள். அப்படிக் கலந்து வந்தால் கேப்ஷன் தெளிவாக இல்லை என்று அர்த்தம். போட்ட பிறகும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அதைத் திருத்தலாம்.

போடுவதற்கு முன் கணவரிடம் காட்ட வேண்டும். இழப்பு முதலில் அவருடையது. வேண்டாம் என்று அவர் சொன்னால் விட்டுவிடுவதே சரி. நெருங்கியவர்களுக்கு மட்டும் என்றால் அவர் சம்மதிக்கலாம். அதற்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பொருத்தமான இடம். யார் யார் பார்க்கலாம் என்று அதில் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கலாம். 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும்.

வீட்டில் ஒருவர் நோயில் படுத்திருக்கும்போது வரும் பிறந்த நாளுக்கு இன்னும் குறைவாக எழுதுவது நல்லது. நோயின் பெயர், பரிசோதனை முடிவு, ஆஸ்பத்திரியின் பெயர் எதுவும் வேண்டாம். அவற்றைச் சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் நோயாளிதான். "வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. போன் எடுக்க முடியாமல் போகலாம், மெசேஜ் அனுப்புங்கள்" என்பது போதும்.

வாழ்த்தே வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் ஃபேஸ்புக்கில் தங்கள் பிறந்த தேதியைத் தனக்கு மட்டும் தெரியும்படி மாற்றிவிடலாம். நண்பர்களுக்கு அறிவிப்பு போகாது. சில நாள் முன்னதாகவே செய்துவிடுங்கள். நினைவுகள் பகுதியில் ஒரு நபரையோ தேதியையோ மறைக்கும் வசதியும் இருக்கிறது. படம் அழியாது, தானாக வந்து எதிரே நிற்பது மட்டும் குறையும்.

இப்படி ஒரு கேப்ஷன் உங்கள் கண்ணில் பட்டால், "எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். எழுதியவர் என்ன கேட்டிருக்கிறாரோ அதற்குப் பதில் சொல்லுங்கள். இறந்தவரை உங்களுக்குத் தெரியும் என்றால், அவர் உங்களுக்குச் செய்த ஒரு காரியத்தை இரண்டு வரியில் எழுதுங்கள்.