குழாயின் கணக்கும் குடிநீரின் கணக்கும்

2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் நோக்கம், ஊரக மக்களுக்கு நபர் ஒருவருக்கு நாள்தோறும் 55 லிட்டர் தரமான குடிநீர் வழங்குவதாகும். ஆனால், முன்னேற்றத்தைக் காட்டும் கணினிக் கணக்குத்தாள்களில் பெரிய எழுத்தில் நிற்பது குழாய் இணைப்புகளின் சதவீதம். அத்தகைய தாளைச் சரிபார்க்கையில் நான் முதலில் கேட்பது, அந்த எண் எதை அளக்கிறது என்பதையே.

திருத்தணியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் 400 வீடுகள், 1,600 மக்கள் இருப்பதாகக் கொள்வோம். 380 வீடுகளுக்கு இணைப்பு உண்டு எனில், தாள் 95 சதவீதம் என்று பச்சை நிறத்தில் காட்டும். அங்குள்ள 60,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியின் நீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் திறந்துவிடப்படுகிறது என்றால், ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது 19 லிட்டருக்கும் குறைவு. இலக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 95 சதவீதம் பொய்யல்ல. ஆனால், அது தண்ணீரைப் பற்றிய எண் அல்ல.

இந்தக் குறை கண்ணில் படாததற்குக் காரணம், 55 என்ற இலக்கு தாளில் எங்கும் இல்லாததே. வட்ட வரைபடங்களும் வண்ணக் கட்டங்களும் நிறைந்த தாளில் அந்த இன்மையை எவரும் கவனிப்பதில்லை. அவற்றை நீக்கிவிட்டு ஊர்வாரியாக வழங்கிய அளவு, இலக்கு, பற்றாக்குறை என மூன்று பத்திகள் வைத்தால் போதும். சராசரியும் ஏமாற்றக்கூடும் என்பதால், குழாய்த் தடத்தின் கடைசி வீட்டில் அளந்த நீருக்கு நான்காவது பத்தி ஒன்று வேண்டும்.